இரண்டாம் முறை வரும் டெங்கு ஏன் கடுமையாகிறது?



டெங்கு என்றதும் உங்களிற் பலர் நுளம்பு, தேங்கிய நீர், சிரட்டை, டயர் என்று வரிசையாக எழுதிவிடுவீர்கள். அது சரியான விடைதான். ஆனால் அந்த விடையில் அடங்காத ஒரு கேள்வியை ஒரு மாணவி கொட்டாஞ்சேனை வகுப்பில் என்னிடம் கேட்டாள்.

"சேர், எனக்குச் சின்ன வயதில் ஒருமுறை டெங்கு வந்து மாறிவிட்டது. சின்னம்மை ஒருமுறை வந்தால் பிறகு வராது என்று படித்தோம். அப்படியென்றால் எனக்கு இனி டெங்கு பயமில்லைத்தானே?"

வகுப்பில் இருந்த பலரும் "ஓம், ஓம்" என்றார்கள். அவர்களின் வீட்டாரும் அப்படித்தான் நினைக்கிறார்களாம். உண்மை இதற்கு நேர்மாறானது. ஒருமுறை டெங்கு வந்தவருக்கு வேறு வகை டெங்கு வைரசு இரண்டாம் முறை தொற்றினால், அது முதன்முறையை விடக் கடுமையாக வரும் வாய்ப்புக் கூடுகிறது. நோயைத் தடுக்க உடல் உண்டாக்கிய பொருளே நோய்க்கு உதவி செய்வதுதான் இதற்கு முக்கிய காரணம். இது எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கலைப் பாடங்கள் படித்து வந்த எனக்கே விளங்கிய விடயம் இது. ஆகவே நீங்கள் பயப்படத் தேவையில்லை.

1. டெங்கு வைரசு ஒன்றல்ல, நான்கு

டெங்குக் காய்ச்சலை உண்டாக்கும் வைரசு நான்கு வகைப்படும். அவை டெங்கு 1, டெங்கு 2, டெங்கு 3, டெங்கு 4 எனப் பெயரிடப்பட்டுள்ளன. நான்கையும் பரப்புவது ஈடிஸ் இன நுளம்புதான். நான்கும் உண்டாக்கும் காய்ச்சலைப் பார்த்து எந்த வகை என்று சொல்ல முடியாது. ஆய்வுகூடத்திற் பரிசோதித்தே அறியலாம்.

இந்த நான்கும் ஒரே தாயின் பிள்ளைகளைப் போன்றவை. முகச்சாயல் ஒன்றுதான், ஆனால் ஆட்கள் வேறு. வைரசின் வெளிப்புறத்தை மூடியுள்ள புரதங்கள் நான்கு வகைகளிலும் பெரும்பாலும் ஒத்திருக்கின்றன, சில இடங்களில் மட்டும் வேறுபடுகின்றன. இந்தச் "சாயல் ஒன்று, ஆள் வேறு" என்ற நிலைதான் இப்பாடம் முழுவதற்கும் அடிப்படை. நான்கும் முற்றாக ஒத்தவையாக இருந்திருந்தால் ஒருமுறை பெற்ற நிர்ப்பீடனம் எல்லாவற்றையும் தடுத்திருக்கும். முற்றாக வேறுபட்டவையாக இருந்திருந்தால் பழைய நிர்ப்பீடனம் புதிய வைரசைத் தொடவே தொடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இருப்பதால்தான் சிக்கல் வருகிறது.

2. பிறபொருளெதிரி வழக்கமாக என்ன செய்கிறது?

உடலுக்குள் ஒரு வைரசு நுழைந்ததும், நிணநீர்க்குழியங்கள் அதற்கு எதிரான பிறபொருளெதிரிகளை உண்டாக்குகின்றன. பிறபொருளெதிரி ஒரு புரதம். அதன் வடிவம் கவைத்தடி போன்றது. கவையின் இரண்டு நுனிகளும் வைரசின் மேற்பரப்பைப் பற்றிப் பிடிக்கும். கீழே உள்ள காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

போதிய அளவு பிறபொருளெதிரிகள் இறுகப் பற்றிக்கொண்டால் வைரசினால் எந்தக் கலத்தையும் தொற்ற முடியாது. இதனை வைரசு நடுநிலையாக்கப்பட்டது என்பர். அடுத்து, தின்குழியங்கள் வருகின்றன. இவை நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்கும் கலங்கள். இவற்றின் மேற்பரப்பில், பிறபொருளெதிரியின் காம்பைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் உள்ளன. காம்பு வாங்கியிற் பொருந்தியதும், தின்குழியம் பிறபொருளெதிரியையும் அதனுடன் ஒட்டியுள்ள வைரசையும் சேர்த்து உள்ளே இழுத்து அழித்துவிடும்.

ஒருவருக்கு முதலில் டெங்கு 1 தொற்றினால், அவரது உடல் டெங்கு 1 இற்கு நன்றாகப் பொருந்தும் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். அதன் பின் டெங்கு 1 அவருக்கு மீண்டும் நோயை உண்டாக்குவது மிக அரிது. அந்தப் பாதுகாப்புப் பல ஆண்டுகள் நிலைக்கும். மாணவி சொன்ன சின்னம்மை உதாரணம் இந்த அளவுக்குச் சரி.

3. அரைகுறையாகப் பொருந்தும்போது நடப்பது

இனி அதே ஆளுக்குச் சில ஆண்டுகளின் பின் டெங்கு 2 தொற்றுகிறது எனக் கொள்வோம். குருதியில் டெங்கு 1 இற்கான பழைய பிறபொருளெதிரிகள் இருக்கின்றன. டெங்கு 2 இன் சாயல் ஒத்திருப்பதால் அவை அதனையும் பற்றிக்கொள்கின்றன. ஆனால் பொருத்தம் இறுக்கமாக இல்லை. போதிய எண்ணிக்கையிலும் ஒட்டவில்லை. ஆகவே வைரசு பிடிக்கப்பட்டுள்ளது, ஆனால் நடுநிலையாக்கப்படவில்லை. கையில் விலங்கு மாட்டிய பின்னும் பூட்டாமல் விட்ட திருடனைப் போல அது இருக்கிறது.

பிறபொருளெதிரியின் காம்பு வழக்கம் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தின்குழியம் அந்தக் காம்பைப் பிடித்து, வழக்கம் போல உள்ளே இழுக்கிறது. இங்கேதான் தவறு நடக்கிறது. டெங்கு வைரசு பெருகுவதற்கு மிகவும் விரும்பும் கலங்களுள் ஒன்று இந்தத் தின்குழியம்தான். வைரசு வாசலைத் தேடி அலைய வேண்டிய இடத்தில், காவலாளியே அதனைக் கைப்பிடித்து வீட்டுக்குள் கூட்டிச் செல்கிறான்.

உள்ளே போன வைரசு ஒரு சிறு பையினுள் அடைக்கப்படுகிறது. அந்தப் பையினுள் அமிலத்தன்மை கூடும். மற்றக் கிருமிகள் இதன் பின் சிதைந்து போகும். ஆனால் டெங்கு வைரசின் மேற்பரப்புப் புரதம் அமிலத்தன்மை கூடியதும் வடிவம் மாறி, பையின் மென்சவ்வுடன் இணைந்துகொள்கிறது. அந்த வழியாக வைரசின் ஆர்.என்.ஏ. கலத்தினுள் வெளியேறி, புதிய வைரசுகளை ஆக்கத் தொடங்குகிறது.

இவ்வாறு பழைய பிறபொருளெதிரியின் உதவியால் தொற்று அதிகரிப்பதையே பிறபொருளெதிரி சார்ந்த தொற்று மிகைப்பு என்பர். அமெரிக்க மருத்துவர் ஸ்கொட் ஹோல்ஸ்டெட் 1960களில் பாங்கொக் நகரச் சிறுவர்களிடம் டெங்குவை ஆராய்ந்தபோது, கடுமையான நோய் பெரும்பாலும் இரண்டாம் முறை தொற்றியவர்களிடம் வருவதைக் கவனித்தார். அதற்கான விளக்கமாக இக்கருத்தை முன்வைத்து வளர்த்தவர் அவரே.

ஒரு சிறிய கணக்கால் இதனை விளங்கிக்கொள்ளலாம். இவை விளக்கத்திற்காக மட்டும் எடுத்த எண்கள். பிறபொருளெதிரியின் உதவி இல்லாதபோது தொற்றிய கலங்கள் ஒவ்வொரு சுற்றிலும் இரு மடங்காகின்றன எனக் கொள்வோம். ஒரு கலத்தில் தொடங்கினால் ஐந்து சுற்றின் பின் 32 கலங்கள். உதவி கிடைப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் மும்மடங்கானால், ஐந்து சுற்றின் பின் 243 கலங்கள். நுழைவதில் ஏற்பட்ட சிறிய இலகு, சில நாட்களில் எவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தருகிறது என்று பாருங்கள்.

4. அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது

"அப்படியானால் பிறபொருளெதிரி இருப்பதே ஆபத்தா?" என்று கேட்கலாம். இல்லை. அது எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம். மிக அதிகமாக இருந்தால், பொருத்தம் சற்றுக் குறைந்தாலும் வைரசை மூடி அடக்கிவிடும். அறவே இல்லாவிட்டால், வைரசுக்கு உதவி செய்ய எதுவும் இல்லை. இடைப்பட்ட அளவில் இருக்கும்போதுதான் பிடிக்கும், ஆனால் அடக்காது.

இதற்கு மிக அழகான சான்று குழந்தைகளிடம் கிடைத்தது. தென்கிழக்காசியாவில், அதுவரை டெங்கு வராத குழந்தைகளுக்குக்கூட முதல் தொற்றிலேயே கடுமையான நோய் வந்தது. அக்குழந்தைகளின் வயது பெரும்பாலும் ஆறு தொடக்கம் ஒன்பது மாதம். பிறந்த உடனே உள்ள சிசுக்களிடமும், ஒரு வயதைத் தாண்டியவர்களின் முதல் தொற்றிலும் இது அவ்வளவாகக் காணப்படவில்லை.

காரணம் தாயிடம் இருந்தது. தாய்க்கு முன்னர் டெங்கு வந்திருந்தால், அவளது பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தின் ஊடாகச் சிசுவுக்குச் செல்கின்றன. பிறக்கும்போது அவை போதிய அளவு இருப்பதால் பாதுகாப்புக் கிடைக்கிறது. குழந்தை தானாக அவற்றை உண்டாக்குவதில்லை என்பதால் மாதம் செல்லச் செல்ல அளவு குறைகிறது. ஆறு மாதமளவில் அது அந்த இடைப்பட்ட, ஆபத்தான அளவுக்கு வருகிறது. ஒரு வயதாகும்போது ஏறத்தாழ முற்றாக மறைந்துவிடுகிறது, ஆபத்தும் அத்துடன் நீங்குகிறது. இக்குழந்தைகளுக்கு முதல் தொற்று என்ற ஒன்று இருக்கவே இல்லை. இருந்தது தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரி மட்டுமே. ஆகவே குற்றவாளி அதுதான் என்பதற்கு இது வலுவான ஆதாரம்.

இதே காரணத்தால்தான் முதல் தொற்றுக்குப் பின் எப்போது இரண்டாம் தொற்று வருகிறது என்பதும் முக்கியமாகிறது. முதல் தொற்று மாறிய சில மாதங்களுக்குப் பிறபொருளெதிரிகளின் அளவு உயர்ந்திருப்பதால் மற்ற வகைகளுக்கு எதிராகவும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. பின்னர் அது குறைந்து ஆபத்தான அளவை அடைகிறது.

5. ஒரு தீவு சொன்ன சாட்சி: கியூபா

எமது நாட்டைப் போலவே ஒரு தீவு கியூபா. அங்கே 1977 ஆம் ஆண்டு டெங்கு 1 பெருமளவில் பரவியது. நோய் பெரும்பாலும் இலேசாகவே இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1981 இல், டெங்கு 2 வந்தது. அப்போது 344,000 இற்கும் மேற்பட்ட நோயாளிகள் பதிவாயினர். அவர்களுள் 10,000 இற்கும் மேற்பட்டோருக்கு நோய் கடுமையானது. 158 பேர் இறந்தனர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒரு வயது, இரண்டு வயதுப் பிள்ளைகளை. டெங்கு 1 பரவிய பின் பிறந்த இவர்களுக்குப் பழைய பிறபொருளெதிரி இல்லை. 1981 இல் இவர்களுக்கும் டெங்கு 2 தொற்றியது, ஆனால் கடுமையான நோய் மிக அரிதாகவே வந்தது. சற்று மூத்த, 1977 ஐக் கண்ட பிள்ளைகளிடம்தான் கடுமையான நோய் அதிகம்.

1997 இல் அந்நாட்டின் சந்தியாகோ டி கியூபா நகரில் டெங்கு 2 மீண்டும் பரவியபோது இது இன்னும் தெளிவாகியது. இம்முறை கடுமையாக நோயுற்றவர்கள் வளர்ந்தவர்களே. சிறுவர்கள் அல்லர். ஏனெனில் இருபது ஆண்டுகளுக்கு முன் டெங்கு 1 தொற்றியவர்கள் இப்போது வளர்ந்துவிட்டனர். ஆபத்து அவர்களுடன் சேர்ந்தே வயதேறியிருந்தது.

6. கொழும்பில் நடந்தது: 2017

இனி எமது நாட்டுக்கு வருவோம். இலங்கையில் 2009 தொடக்கம் பல ஆண்டுகளாக நோயாளிகளிடம் அதிகமாகக் காணப்பட்டது டெங்கு 1. அக்காலத்தில் டெங்கு 2 மிகக் குறைவு. 2016 இல் டெங்கு 2 மீண்டும் தலைகாட்டியது. 2017 இல் அது பெரும் கொள்ளைநோயாக மாறியது. அந்த ஒரே ஆண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 186,000 நோயாளிகள் பதிவாகினர். 300 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோயாளிகளிற் பெரும் பங்கினர் கொழும்பை உள்ளடக்கிய மேல் மாகாணத்தவர்.

அவ்வாண்டு மே மாதத்துக் கடும் மழையும், அகற்றப்படாத குப்பையும் நுளம்பைப் பெருக்கின என்பது உண்மை. ஆனால் மழையும் குப்பையும் மற்ற ஆண்டுகளிலும் இருந்தன. 2017 ஐ வேறுபடுத்தியது வைரசின் வகை மாறியமை. கொழும்புச் சிறுவர்களிடம் 2008 அளவில் நடத்தப்பட்ட குருதி ஆய்வில், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு ஏற்கெனவே டெங்கு தொற்றியிருந்தது தெரிந்தது. அவர்களிற் பலர் அதற்காக மருத்துவரிடம் போகவே இல்லை. சாதாரணக் காய்ச்சல் என்றே மாறியிருந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வளர்ந்த ஒருவர் "எனக்கு இதுவரை டெங்கு வந்ததில்லை" என்று சொன்னாலும், அது முதல் தொற்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. தெரியாமலே ஒருமுறை வந்து போயிருக்கலாம்.

7. உடலில் நடப்பது: ஒரு மாணவனின் ஆறு நாட்கள்

ஒரு மாணவனைக் கற்பனை செய்துகொள்வோம். அவன் வெள்ளவத்தையில் வசிக்கிறான். ஏழு வயதில், 2010 இல், டெங்கு 1 தொற்றியது. மூன்று நாள் காய்ச்சலுடன் மாறிவிட்டது. பதினான்கு வயதில், 2017 இல், டெங்கு 2 தொற்றுகிறது.

முதல் மூன்று நாட்கள் கடுமையான காய்ச்சல், தலையிடி, கண்ணுக்குப் பின்னால் நோவு, உடல் நோவு. இதே நாட்களில் அவனது தின்குழியங்களில் வைரசு வேகமாகப் பெருகுகிறது. மூன்றாம் நாள் எடுத்த முழுக் குருதிப் பரிசோதனையில், குருதியில் கலங்கள் அடங்கும் கனவளவு 38 வீதம்.

நான்காம் நாள் மாலை காய்ச்சல் விடுகிறது. வீட்டில் எல்லோரும் நிம்மதியடைகிறார்கள். ஆனால் ஆபத்தான கட்டம் தொடங்குவது பெரும்பாலும் இப்போதுதான். வைரசு பெருகிய கலங்களும், அவற்றை எதிர்க்கும் வெண்குழியங்களும் பல இரசாயனப் பொருட்களைக் குருதியில் விடுகின்றன. வைரசின் என்.எஸ்.1 என்னும் புரதமும் குருதியிற் சுற்றுகிறது. இவை மயிர்த்துளைக்குழாய்களின் சுவரைத் தளர்த்துகின்றன. சுவரின் இடைவெளிகளூடாகத் திரவவிழையம் வெளியே கசிந்து, நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் சேர்கிறது. கலங்கள் பெரியவை என்பதால் குழாய்க்குள்ளேயே நின்றுவிடுகின்றன.

ஐந்தாம் நாள் மீண்டும் பரிசோதித்தபோது கலங்களின் கனவளவு 46 வீதம். கணக்கைப் பாருங்கள். அதிகரிப்பு 46 − 38 = 8. முன்னைய அளவான 38 உடன் ஒப்பிட்டால் 8 ÷ 38 × 100, அதாவது ஏறத்தாழ 21 வீதம். கலங்கள் கூடவில்லை, திரவம் குறைந்ததால் குருதி தடித்துவிட்டது. 20 வீதத்துக்கு மேற்பட்ட உயர்வு, கசிவு நடப்பதற்கான தெளிவான அடையாளம். குருதிச் சிறுதட்டுக்கள் கன மில்லிமீற்றருக்கு 100,000 இற்குக் கீழே இறங்கியிருக்கின்றன.

குருதியமுக்கம் 100/82 என்று காட்டுகிறது. மேல் எண்ணைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் இரு எண்களின் வித்தியாசம் 18 மட்டுமே. சாதாரணமாக இது 40 அளவில் இருக்க வேண்டும். 20 அல்லது அதற்குக் குறைந்தால் அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது என்று மருத்துவர் கொள்வர். கைகால் குளிர்கிறது, சிறுநீர் குறைகிறது, வயிற்றுநோவும் வாந்தியும் வருகின்றன.

இந்தக் கசிவுக் கட்டம் 24 தொடக்கம் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அவ்வளவு நேரம் அவனை வைத்தியசாலையில் வைத்து, மணிக்கு மணி அளந்து சரியான அளவு திரவம் ஏற்றினால், சுவர் மீண்டும் இறுகி, ஆறாம் ஏழாம் நாளில் அவன் தேறிவிடுவான். திரவம் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. வைரசை அழிக்கும் மருந்து எதுவும் இல்லை. உயிரைக் காப்பது இந்தக் கவனிப்புத்தான்.

இது இரண்டாம் தொற்று என்று மருத்துவர் எப்படி அறிவர்? முதல் தொற்றில் ஐ.ஜி.எம். என்ற பிறபொருளெதிரி முதலில் தோன்றும், ஐ.ஜி.ஜி. என்பது பிந்தியே வரும். இரண்டாம் தொற்றில் உடலுக்குப் பழைய ஞாபகம் இருப்பதால் ஐ.ஜி.ஜி. சில நாட்களிலேயே மிக அதிகமாக உயரும். இன்னொன்றும் உண்டு. இரண்டாம் தொற்றில் பழைய பிறபொருளெதிரிகள் என்.எஸ்.1 புரதத்தைப் பற்றிக்கொள்வதால், என்.எஸ்.1 பரிசோதனை "இல்லை" என்று காட்டக்கூடும். எனவே அந்த ஒரு தாளை வைத்து டெங்கு இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

8. இந்த விளக்கத்தின் எல்லைகள்

இரண்டாம் தொற்று வந்த எல்லோருக்கும் நோய் கடுமையாகும் என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. நூறு பேருக்கு இரண்டாம் தொற்று வந்தால், அவர்களுள் ஒரு சிலருக்கே கடுமையாகிறது. முதல் தொற்றிலேயே கடுமையாவதும் உண்டு.

இலங்கையின் வரலாறே இதற்கு ஓர் உதாரணம். 1980களில் கொழும்பில் நான்கு வகை வைரசும் இருந்தன. ஒருவருக்கு இரண்டு முறை தொற்றுவதும் நடந்தது. இருந்தும் டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சல் மிக அரிதாகவே காணப்பட்டது. 1989 இலிருந்து அது ஒழுங்காக வரத் தொடங்கியது. பின்னர் வைரசுகளை ஒப்பிட்டபோது, அக்காலப் பகுதியில் டெங்கு 3 இன் ஒரு குலம் மறைந்து, வேறொரு குலம் அதன் இடத்தைப் பிடித்திருந்தது தெரிந்தது. ஆகவே பழைய பிறபொருளெதிரி ஒரு காரணம், வைரசின் குலமும் ஒரு காரணம். இரண்டும் சேரும்போதே பெரிய ஆபத்து.

தடுப்பூசியிலும் இவ்விடயம் வெளிப்பட்டது. 2016 இலிருந்து பிலிப்பைன்சில் டெங்வாக்சியா என்ற தடுப்பூசி எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்கு ஏற்றப்பட்டது. முன்னர் டெங்கு வந்தவர்களை அது பாதுகாத்தது. ஆனால் ஒருபோதும் டெங்கு வராதவர்களுக்கு, பின்னர் தொற்று ஏற்படும்போது கடுமையாகும் வாய்ப்பை அது கூட்டுவதாக 2017 நவம்பரில் அதன் உற்பத்தியாளரே அறிவித்தார். அவர்களது உடல் ஊசியையே முதல் தொற்றாக எடுத்துக்கொண்டது என்பதே பொதுவான விளக்கம். அத்திட்டம் நிறுத்தப்பட்டது. நான்கு வகைக்கும் சமமாக, போதிய அளவு பாதுகாப்புத் தரும் தடுப்பூசியை ஆக்குவது ஏன் கடினம் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

9. மாணவிக்குச் சொன்ன பதில்

அன்று அந்த மாணவியிடம் நான் சொன்னது இதுதான். "பிள்ளை, உங்களுக்கு வந்த வகை திரும்ப வராது. மற்ற மூன்றும் வரலாம். அடுத்த முறை காய்ச்சல் வந்தால், முன்னர் டெங்கு வந்ததை மருத்துவரிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் குருதிப் பரிசோதனை செய்யுங்கள். பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவற்றைத் தொட வேண்டாம். அவை குருதிப்பெருக்கைக் கூட்டும். காய்ச்சல் விட்டதும் வகுப்புக்கு ஓடி வராதீர்கள். அதற்குப் பின் இரண்டு நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாட்கள்."

மாதிரி வினா – விடை

வினா 1: டெங்கு 1 தொற்றிய ஒருவருக்கு டெங்கு 1 மீண்டும் நோயை உண்டாக்குவது அரிது, ஆனால் டெங்கு 2 கடுமையான நோயை உண்டாக்கலாம். விளக்குக.

விடை: டெங்கு 1 இற்கான பிறபொருளெதிரிகள் அவ்வகையை இறுகப் பற்றி நடுநிலையாக்கும. டெங்கு 2 ஐ அவை அரைகுறையாகவே பற்றும். நடுநிலையாக்கப்படாத வைரசு, பிறபொருளெதிரியின் காம்பு தின்குழியத்தின் வாங்கியிற் பொருந்துவதால் இலகுவாகக் கலத்தினுள் சென்று அதிகமாகப் பெருகும்.

வினா 2: ஏழு மாதக் குழந்தைக்கு முதல் தொற்றிலேயே டெங்கு கடுமையாகலாம். காரணம் தருக.

விடை: தாயிடமிருந்து சூல்வித்தகத்தினூடாகப் பெற்ற பிறபொருளெதிரிகள் அவ்வயதில், நடுநிலையாக்கப் போதாத ஆனால் பற்றக்கூடிய அளவுக்குக் குறைந்திருக்கும்.

வினா 3: நோயாளி ஒருவரின் குருதிக் கலங்களின் கனவளவு 40 வீதத்திலிருந்து 50 வீதமாக உயர்ந்தது. இதிலிருந்து நீர் அறிவது யாது?

விடை: 10 ÷ 40 × 100 = 25 வீத உயர்வு. இது 20 வீதத்தை விட அதிகம். எனவே மயிர்த்துளைக்குழாய்களிலிருந்து திரவவிழையம் கசிகிறது. செங்குழியங்கள் புதிதாகப் பெருகியதாகக் கொள்ளக் கூடாது.

வினா 4: "காய்ச்சல் விட்டுவிட்டது, எனவே டெங்கு மாறிவிட்டது." இக்கூற்றுப் பற்றிக் கருத்துக் கூறுக.

விடை: கூற்றுத் தவறு. திரவக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் குறையும் வேளையிலேயே தொடங்கும். வாந்தி, வயிற்றுநோவு, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், குருதி வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.